பன்னிரண்டாவது குண்டுக்குப் பிறகு



சென்ற ஆண்டு மாவட்ட அளவிலான பெட்டாங் போட்டி முடிந்து பத்துமலைக்குத் திரும்பும் வழியில், வாகனத்தின் பின்னிருக்கையில் இரண்டு மாணவிகள் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்தனர். ஒருத்தி ஆறாம் ஆண்டு, மற்றவள் ஐந்தாம் ஆண்டு. 13-12 என்ற கணக்கில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றிருந்தார்கள். அந்தத் தோல்விக்குக் காரணம் அவர்களுடைய வீச்சு அன்று. நான் சொல்லிக்கொடுக்கத் தவறிய ஒரு சிறு விதி. அதை ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும் என்று அன்றே தீர்மானித்தேன். காலம் கடந்துதான் கை கூடியிருக்கிறது.

முதலில் விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். பெட்டாங் பிரான்சு நாட்டின் தென்கோடியில், லா சியோத்தா என்னும் கடற்கரை ஊரில் 1907-ஆம் ஆண்டு வாக்கில் பிறந்ததாகச் சொல்வர். அதற்கு முன் அப்பகுதி மக்கள் ஓடிவந்து குண்டெறியும் ஆட்டத்தையே ஆடிவந்தனர். மூட்டுவலியால் ஓட இயலாமற்போன ஒரு பழைய ஆட்டக்காரருக்காக, கால்களை ஊன்றி நின்ற இடத்திலிருந்தே எறியும் முறை உருவானது. 'ஊன்றிய கால்கள்' என்று பொருள்படும் அவ்வட்டாரச் சொல்லே பின்னர் விளையாட்டின் பெயராயிற்று. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த நம் புதுச்சேரியிலும் இவ்விளையாட்டு வேரூன்றி இன்றுவரை ஆடப்படுகிறது. மலேசியா ஆங்கிலேயர் ஆண்ட நாடாதலால் நமக்கு இது தாமதமாகவே வந்து சேர்ந்தது. 2001-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில்தான் பெட்டாங் முதன்முதலாக அப்போட்டிகளில் இடம்பெற்றது. அப்போது நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தேன். வலைப்பந்துக்கும் ஓட்டப்பந்தயத்துக்கும் அங்கே பயிற்சி பெற்றேன்; பெட்டாங்கை ஒருவரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கு வந்த பிறகு, "டீச்சர், புறப்பாட நடவடிக்கைக்கு இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியர் ஒரு பெட்டி இரும்புக் குண்டுகளைக் கையில் கொடுத்தபோதுதான் நானும் மாணவர்களோடு சேர்ந்து கற்கத் தொடங்கினேன்.

இதற்குப் பெரிய திடல் வேண்டியதில்லை. பள்ளி வாகன நிறுத்துமிடத்தின் ஓரத்தில், சுண்ணாம்புக் குன்று தெரியும் பக்கமாக, சரளைக்கல் பரப்பிய ஒரு துண்டு நிலமே எங்கள் ஆடுகளம். தரையில் 35 முதல் 50 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம். இரண்டு பாதங்களும் அதற்குள் இருக்க வேண்டும். எறிந்த குண்டு தரையைத் தொடும்வரை கால் அசையக்கூடாது. முதலில் 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு மரப்பந்து ஒன்றை 6 முதல் 10 மீட்டர் தொலைவுக்குள் எறிவார்கள். அதைக் குறிப்பந்து என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அருகில் யாருடைய குண்டு நிற்கிறது என்பதே ஆட்டம். போட்டிக் குண்டின் எடை 650 முதல் 800 கிராம் வரை இருக்கும். பதினொரு வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் 600 கிராம் எடையுள்ள சற்றுச் சிறிய குண்டைப் பயன்படுத்த விதியில் இடமுண்டு.

இருவர் இருவராக ஆடும்போது ஆளுக்கு மூன்று குண்டுகள். ஆக மொத்தம் பன்னிரண்டு. மாறிமாறி எறிவது என்று பலர் நினைக்கின்றனர். அப்படியன்று. குறிப்பந்துக்கு மிக அருகில் யார் குண்டு உள்ளதோ அந்த அணி சும்மா நிற்கும். மற்ற அணி அதைவிட அருகில் ஒன்றை வைக்கும்வரை, அல்லது கையிருப்பு தீரும்வரை, தொடர்ந்து எறிய வேண்டும். ஆட்டத்தின் கணக்கெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

வைப்பதா, அடிப்பதா?

வீச்சு இரண்டு வகைப்படும். ஒன்று, குண்டைக் குறிப்பந்துக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துவது. பயிற்றுநர்கள் பாயிண்டிங் என்பார்கள். நான் பிள்ளைகளிடம் 'வைத்தல்' என்றே சொல்வேன். மற்றொன்று, எதிரணியின் குண்டைத் தாக்கி விலக்குவது. அது 'அடித்தல்'. கோலிக்குண்டு ஆடி வளர்ந்த தாத்தாக்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டியதில்லை.

வைப்பவர் பெரும்பாலும் குந்தி அமர்ந்து எறிவார். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, குண்டு விரல்களிலிருந்து வழுக்கிப் போகும்போது பின்புறமாகச் சுழல வேண்டும். அச்சுழற்சிதான் தரையில் பட்டதும் அதன் ஓட்டத்தைத் தடுக்கிறது. பிள்ளைகள் செய்யும் முதல் தவறு குறிப்பந்தையே பார்த்து எறிவது. பார்க்க வேண்டியது குண்டு விழப்போகும் இடத்தை. நான் சரளையில் ஒரு நாணயத்தை வைத்து, "இதன்மேல் விழட்டும், மீதி வழியைக் குண்டே பார்த்துக்கொள்ளும்" என்பேன். நாணயத்தின்மேல் சரியாக விழுந்தும் குண்டு நெடுந்தூரம் ஓடிவிட்டால் கையில் பிழையில்லை, தரை இறுகியிருக்கிறது. இன்னும் உயரமாக எறிய வேண்டும், அல்லது நாணயத்தை எறிபவர் பக்கமாக நகர்த்த வேண்டும். மாலை மழை பெய்த மறுநாள் இதற்கு நேர்மாறாக நடக்கும். ஆனால் நாணயத்துக்கு இடப்பக்கமாகவே மீண்டும் மீண்டும் விழுந்தால் தரையைக் குறைசொல்ல முடியாது, மணிக்கட்டு திரும்புகிறது.

'முன்னால் நிற்கும் குண்டு காசுக்குச் சமம்' என்னும் கருத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு வழக்கு உண்டு. குறிப்பந்துக்குப் பின்னால் நிற்பதைவிட முன்னால் நிற்பது மேல். அது எதிரணியின் வழியை மறிக்கும். யாராவது தட்டினால்கூடக் குறிப்பந்தை நோக்கியே நகரும்.

அடிப்பவர் நின்றுகொண்டு எறிவார். குண்டு வானத்திலேயே சென்று எதிராளியின் குண்டின்மேல் நேராக இரும்போடு இரும்பு மோத வேண்டும். இலக்குக்கு முன்னால் தரையில் விழுந்தால் பெரும்பாலும் துள்ளி அதைத் தாண்டிப் போய்விடும். மிகச் சிறந்த அடியில், எதிராளியின் குண்டு பறந்துபோக, அடித்த குண்டு அதே இடத்தில் அமர்ந்துகொள்ளும். இதற்குக் கரோ என்று பெயர். பிள்ளைகள் எல்லாருக்கும் அடிக்கத்தான் ஆசை. 'டங்' என்ற அந்த ஓசை அப்படி!

ஆனால் அடித்தல் எதிரியின் குண்டை நீக்குமே தவிர, தானாக நமக்குப் புள்ளி தராது. அருகில் நம் குண்டு ஒன்று ஏற்கனவே நின்றால்தான், அடித்தவுடன் அது முதலிடத்துக்கு வரும். இல்லையென்றால் ஒரு குண்டை அடிக்கவும் மற்றொன்றை வைக்கவும் செலவிட வேண்டும். ஆகவே மாணவிகளுக்கு மூன்று கேள்விகளைப் பழக்கினேன். எதிரியின் குண்டைவிட அருகில் வைப்பது எளிதா? எளிதென்றால் வை. அது குறிப்பந்தோடு ஒட்டி நிற்கிறதா? அப்படியானால் அடி. அடித்தபின் யார் குண்டு மிஞ்சும், கையில் யாருக்கு எத்தனை மிஞ்சும்? இந்த மூன்றாவதுதான் கடினம். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் கையிலுள்ளது நினைவிருக்கும். எதிராளியின் கையில் உள்ளது நினைவிருக்காது.

அந்தச் சுற்று

இனி அன்று நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டம் 13 புள்ளிகளுக்கு. நாங்கள் 11, எதிரணி 10. முந்தைய சுற்றை வென்றவர்கள் நாங்கள் என்பதால் குறிப்பந்தை எறிவதும் நாங்களே. அது ஏறக்குறைய 7 மீட்டரில் நின்றது.

வைப்பவள் ஐந்தாம் ஆண்டு மாணவி. அவளுடைய முதல் குண்டு குறிப்பந்துக்கு முன்னால், சுமார் 40 சென்டிமீட்டரில் அழகாக நின்றது. எதிரணி எறிய வேண்டும். அவர்களுடைய முதல் குண்டு 60 சென்டிமீட்டரில் நின்றது, போதவில்லை. இரண்டாவது வலப்பக்கம் 25 சென்டிமீட்டரில் நின்றது. இப்போது எங்கள் முறை. 25-ஐவிட அருகில் வைக்க இயலும் என்று முடிவு செய்தார்கள், சரியான முடிவுதான். இரண்டாவது குண்டு தாண்டி ஓடிவிட்டது. மூன்றாவது 20 சென்டிமீட்டரில் நின்றது. வைப்பவளின் வேலை முடிந்தது. எங்களிடம் மூன்று, அவர்களிடம் நான்கு.

எதிரணி அடிக்கத் தீர்மானித்தது. ஓர் அடி தவறியது; அடுத்தது எங்கள் 20 சென்டிமீட்டர் குண்டைத் தூக்கி எறிந்தது, அடித்த குண்டும் களத்தைவிட்டு ஓடியது. மீண்டும் அவர்களுடைய 25 சென்டிமீட்டர் குண்டு முதலிடத்தில். அவர்களிடம் இரண்டு, எங்களிடம் மூன்று.

இப்போது அடிப்பவளின் நேரம். எங்களுடைய முதல் குண்டு 40 சென்டிமீட்டரில் இன்னும் காத்துக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். 25-இல் நிற்பது அகன்றால் அதுவே முதலிடம் பெறும். அடித்தலுக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. முதல் அடி தவறியது. இரண்டாவது, 'டங்'! எதிராளியின் குண்டு அகன்றது. எங்கள் குண்டு ஏறக்குறைய அரை மீட்டரில் நின்றுவிட்டது. ஆக 40-இல் ஒன்று, அரை மீட்டரில் ஒன்று, அதற்கப்புறம்தான் அவர்களுடைய 60. இரண்டு புள்ளிகள் எங்கள் பக்கம். 11-உடன் இரண்டு சேர்ந்தால் 13!

எதிரணிக்கு இரண்டு குண்டுகள் மிஞ்சியிருந்தன. ஒன்று தாண்டிப் போயிற்று. கடைசிக் குண்டு இடப்பக்கத்தில், அதுவும் ஏறக்குறைய அரை மீட்டரில் நின்றது. 40-இல் நின்ற எங்கள் குண்டுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆகவே ஒரு புள்ளி உறுதி. எங்கள் இரண்டாவது குண்டா, அவர்களுடைய கடைசிக் குண்டா, எது அருகில்? கண்ணால் சொல்ல இயலாத நெருக்கம்.

எங்களிடம் இன்னும் ஒரு குண்டு இருந்தது. எங்கள் முதல் தவறு இங்கேதான் நிகழ்ந்தது. குண்டுகள் எல்லாம் தீர்ந்த பிறகுதான் அளக்க வேண்டும் என்பதில்லை, இடையிலும் அளக்கலாம். அளந்திருந்தால், எங்கள் குண்டுதான் அருகில் என்றால் கடைசிக் குண்டை எதற்கும் இடையூறில்லாத இடத்தில் போட்டுவிட்டு வென்றிருக்கலாம். அவர்களுடையது அருகில் என்றால், அரை மீட்டருக்குள் இன்னொன்றை வைக்க முயன்றிருக்கலாம். மாணவி அளக்கவில்லை. வைக்கத்தான் முயன்றாள், படபடப்பில் குண்டு ஒரு மீட்டருக்கு மேல் தாண்டி ஓடியது. பன்னிரண்டும் முடிந்தன.

அடுத்த கணம் அவள் ஓடிச்சென்றாள். "டீச்சர், நம்முடையதுதான் கிட்ட!" என்று கூவிக்கொண்டே, தான் அடித்து நிறுத்திய அந்த அரை மீட்டர் குண்டைக் குனிந்து கையில் எடுத்துவிட்டாள்.

கணக்கு எப்படி?

ஒரு சுற்றில் ஓர் அணிக்கு மட்டுமே புள்ளி. தோற்ற அணியின் மிக நெருங்கிய குண்டு எதுவோ, அதைவிட அருகில் வென்ற அணிக்கு எத்தனை குண்டுகள் உள்ளனவோ, அத்தனை புள்ளிகள். அவ்வளவுதான். தொலைவு எத்தனை சென்டிமீட்டர் என்பது கணக்கில் சேராது. பலர் இரண்டு அணிக்கும் புள்ளி போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். இருவர் ஆட்டத்தில் ஒரு சுற்றில் மிகுதியாக 6 புள்ளிகள் பெறலாம். இரு அணிகளின் மிக நெருங்கிய குண்டுகளும் சம தொலைவில் நின்று, கையில் எவருக்கும் குண்டு இல்லையென்றால் அச்சுற்றில் யாருக்கும் புள்ளி இல்லை.

இக்கணக்கு எங்கள் மாணவிகளுக்கு நன்றாகவே தெரியும். தெரியாதது இதுதான்: புள்ளி எத்தனை என்று இரு அணியும் ஒப்புக்கொள்ளும் முன் எடுக்கப்பட்ட குண்டு செல்லாது. அதன்மேல் முறையிடவும் இயலாது.

நடுவர் வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: புள்ளியை இருவரும் ஒப்புக்கொண்ட பிறகா குண்டை எடுத்தாய்? மாணவி என்னைப் பார்த்தாள். எதிரணிப் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு, "இல்லை" என்றாள். அந்தக் குண்டு களத்திலிருந்து கணக்கில் நீங்கியது. மிஞ்சியது 40 சென்டிமீட்டர் குண்டு ஒன்றுதான். ஒரு புள்ளி. 12-10. அடுத்த சுற்றில் எதிரணி மூன்று புள்ளிகள் எடுத்து 13-ஐ எட்டியது.

ஒரு பெற்றோர் என்னிடம் சினத்துடன், "நாங்கள் எல்லாரும்தான் பார்த்தோமே டீச்சர், நம் பிள்ளையின் குண்டுதானே அருகில் இருந்தது!" என்றார். இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். அளவுநாடா தரையைத் தொடும் முன்பே குண்டு கைக்கு வந்துவிட்டது. அந்தத் தொலைவு எவ்வளவு என்பது இனி எவருக்கும் தெரியாது. அதை நான் அவரிடம் சொன்னேன். விதியைச் சொல்லித்தராதது என் பிழை என்பதையும் சொன்னேன். அதன் பிறகு அவர் வாதிடவில்லை.

இப்போது செய்வது

வீசுவதற்கு மூன்று மாதம் பழக்கிய நான், வீசி முடித்தபின் என்ன செய்வது என்பதற்கு மூன்று நிமிடம்கூட ஒதுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு பயிற்சியிலும் அதற்கென நேரம் உண்டு. கடைசிக் குண்டு நின்றதும் நால்வரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு களத்துக்குள் நடந்து வருவார்கள். வென்றதாகக் கருதும் அணி விரலால் சுட்டி, "ஒன்று, இரண்டு" என்று வாய்விட்டு எண்ணும். மற்ற அணி "சரி" என்ற பிறகே கை விடுபடும். "சரி" வராவிட்டால் அளவுநாடா வரும்.

அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. கடைசியாக எறிந்த அணியே முதலில் அளக்கும். மற்ற அணி மறுபடி அளந்து பார்க்கலாம். அளக்கும்போது குறிப்பந்தையோ ஐயத்துக்குரிய குண்டுகளில் ஒன்றையோ அசைத்துவிட்டால், அசைத்தவரின் அணி அந்தப் புள்ளியை இழக்கும். ஆகவே நாடாவைக் குண்டின்மேல் அழுத்தாமல், பக்கவாட்டில் தரையோடு நீட்டிக் கண்ணைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்கிறேன். காலடியால் அளப்பது கூடாது.

மற்றொன்று, குறிப்பந்து நிற்கும் இடத்தைத் தரையில் கோடிட்டுக் குறிப்பது. இதைப் பிள்ளைகளுக்கு உணர்த்தியவர் ஒரு குரங்கார். பத்துமலைவாசிகளுக்கு அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை! ஒருநாள் பயிற்சியின் நடுவே வேலியைத் தாண்டி வந்தவர், தின்பண்டம் என்று நினைத்தோ என்னவோ, குறிப்பந்தைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரின்மேல் அமர்ந்து கடித்துப் பார்த்தார். விலங்கு நகர்த்திய குறிப்பந்தைப் பழைய இடத்திலேயே வைக்கலாம் என்று விதி உள்ளது. ஆனால் அந்த இடம் முன்பே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அன்று குறிக்கவில்லை. பிள்ளைகள் "இங்கே", "இல்லை, அங்கே" என்று ஐந்து நிமிடம் வாதாடினார்கள். மறுநாள் முதல் ஒவ்வொருவரும் கோடு கிழிக்கிறார்கள்.

ஐந்தாம் ஆண்டு மாணவி இவ்வாண்டு ஆறாம் ஆண்டுக்கு வந்துவிட்டாள்; இப்போது அடிப்பவள் அவள்தான். குண்டை எடுத்த மூத்தவள் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள். சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சியைப் பார்க்க வந்திருந்தாள். பன்னிரண்டாவது குண்டு நின்றதும் சிறுமி ஒருத்தி களத்துக்குள் ஓட முயன்றாள். நான் வாய்திறக்கும் முன்பே, கோட்டுக்கு வெளியே நின்றிருந்த மூத்தவளின் குரல் எழுந்தது:

"கையைக் கட்டுடி!"